640 மடங்கு என்று சொல்லாத ஸ்லைடு

2003 ஜனவரி 16 அன்று கிளம்பிய கொலம்பியா விண்கலத்தில் ஏழு பேர் இருந்தார்கள். ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அவர்களில் ஒருவர். கிளம்பி சுமார் 82 வினாடி ஆனபோது, எரிபொருள் தொட்டியின் மேல் பூசியிருந்த நுரைக் காப்பிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து வந்து விண்கலத்தின் இடது இறக்கையில் மோதியது. கேமராப் பதிவுகளைப் பிறகு போட்டுப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது எழும் வெப்பத்தைத் தாங்க வேண்டிய பகுதி அது. அங்கே எவ்வளவு சேதம் ஆகியிருக்கும் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கை ஸ்லைடுகளாக்கி நாசா அதிகாரிகளிடம் காட்டினார்கள்.

அந்த ஸ்லைடுகளில் ஒன்று பிற்பாடு விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கையிலேயே இடம்பிடித்தது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: 'சோதனைத் தரவுகளைப் பார்த்ததில், ஓடு துளைபடுவது பற்றிய கணிப்பு பாதுகாப்பான பக்கமாகவே இருக்கிறது.' நாங்கள் பயன்படுத்திய கணக்குமுறை சேதத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது என்பதே அவர்கள் சொல்ல வந்தது. கேட்டுக்கொண்டிருந்த அதிகாரிக்கு அது 'பயப்பட ஒன்றுமில்லை' என்று விழுந்திருக்கும்.

அதே ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில், கடைசிப் புள்ளிக்குக் கீழே இரண்டு எண்கள் இருந்தன. மோதிய துண்டின் கொள்ளளவு 1,920 கன அங்குலம். சோதனைகளில் பயன்படுத்திய துண்டின் கொள்ளளவு 3 கன அங்குலம். நமக்குப் புரியும் அளவில் சொன்னால், மோதியது ஒன்றரைத் தண்ணீர் கேன் அளவு. சோதித்தது அரை டீ கிளாஸ் அளவு. 1,920-ஐ 3-ஆல் வகுத்தால் 640. அந்த வகுத்தலைச் செய்து மேலே எழுத யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு மேலே இருந்த வரிகளில் 'கணிசமான' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் ஐந்து முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அது எவ்வளவைக் குறிக்கிறது என்று எங்கும் இல்லை.

வரைபடங்களைப் பற்றியும் தகவலைக் காட்டும் முறைகளைப் பற்றியும் எழுதிவரும் எட்வர்ட் டஃப்டி இந்த ஸ்லைடை வரிவரியாகப் பிரித்து ஆராய்ந்தார். அவருடைய ஆய்வை விசாரணைக் குழு தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. ஒரு ஸ்லைடால்தான் விண்கலம் விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். நுரை மோதியது ஓட்டில்கூட அல்ல, இறக்கையின் முன்விளிம்பில் இருந்த கார்பன் தகட்டில் என்பது பிறகு தெரிந்தது. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டும் அது நடக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று தரையிறங்க வரும் வழியில் விண்கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஜூலையில் டெக்சாஸில் முக்கால் கிலோ எடையுள்ள நுரைத் துண்டை அதே வேகத்தில் அதே போன்ற தகட்டின் மீது சுட்டுப் பார்த்தார்கள். 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

ஆனாலும் அந்தத் தலைப்பை இன்று நாம் திருத்தி எழுதிப் பார்க்கலாம். 'மோதிய துண்டு நாம் சோதித்ததைவிட 640 மடங்கு பெரியது. இந்தக் கணிப்பு இதற்குப் பொருந்துமா என்று தெரியாது.' ஸ்லைடில் ஏற்கெனவே இருந்த விவரம்தான். புதிதாக ஒரு சோதனையும் தேவையில்லை. இந்த வரியைப் பார்த்த பிறகு ஓர் அதிகாரி அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொல்வது கஷ்டம்.

இங்கே தலைப்பின் இடம் முக்கியம். ஸ்லைடு திரையில் விழுந்ததும் கண் போவது பெரிய எழுத்துக்கு. கீழே இருப்பதைப் பாதிப் பேர் படிப்பதில்லை. படிப்பவர்களும் தலைப்பு சொன்னதை மனதில் வைத்துக்கொண்டே படிக்கிறார்கள். நம் ஊரில் நடக்கும் பிரசன்டேஷன்களில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? 'சந்தை வாய்ப்பு', 'எங்கள் சிறப்பம்சங்கள்' போன்ற பெட்டிப் பெயர்கள் இருக்கும். இல்லையென்றால் 'அபார வளர்ச்சி', 'துறையில் முன்னோடி' போன்ற பட்டங்கள். பெட்டிப் பெயர் ஒன்றும் சொல்வதில்லை. பட்டம் சொல்வதை யாரும் நம்புவதில்லை. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பொறியாளர்களுக்கு மேடைப்பேச்சு சொல்லிக்கொடுக்கும் மைக்கேல் ஆலி, ஸ்லைடின் தலைப்பு இரண்டு வரிக்குள் அடங்கும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும், அதற்கான சான்று படமாகக் கீழே இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறார். நான் இங்கே எடுத்துக்கொள்வது அந்த வாக்கியத்துக்குள் போகும் எண்ணை மட்டும்.

எண் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு, ஸ்லைடுகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு விளம்பரக்காரர் விளக்கம் கொடுத்துவிட்டார். கிளாட் ஹாப்கின்ஸ் 1923-இல் எழுதிய புத்தகத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அவர் வாதம் இது: 'உலகிலேயே சிறந்தது' என்று விற்பவன் சொன்னால் கேட்பவர் கோபப்படமாட்டார், நம்பவும் மாட்டார். வியாபாரி அப்படித்தான் பேசுவான் என்று விட்டுவிடுவார். ஆனால் திட்டமான ஓர் எண்ணைச் சொன்னால் இரண்டில் ஒன்றுதான்: உண்மை, அல்லது பொய். அவ்வளவு துணிந்து பொய் சொல்வார்களா என்று கேட்பவர் யோசிக்கிறார். யாரோ அளந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார். பழைய கார்பன் விளக்கைவிட டங்ஸ்டன் விளக்கு அதிக வெளிச்சம் தரும் என்பதைவிட, மூன்றேகால் மடங்கு சொச்சம் தரும் என்றால் மனம் ஒப்புகிறது என்பது அவர் தந்த உதாரணங்களில் ஒன்று.

இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. எண்ணைச் சொன்னவர் மாட்டிக்கொள்கிறார். பட்டத்தைப் பொய் என்று நிரூபிக்க முடியாது, எண்ணை முடியும். 'மாபெரும்' என்ற சொல் மேடையில் இவ்வளவு புழங்குவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டுமல்ல, இந்தப் பயமும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாட்டிக்கொள்ளாமல் எண்ணைச் சொன்னதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2001 அக்டோபர் 23 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபாடை அறிமுகப்படுத்திய நிகழ்ச்சி. அதற்குள் 5 ஜிபி கொள்ளளவுள்ள ஹார்டு டிஸ்க் இருந்தது. 5 ஜிபி என்பது பொறியாளருக்கு எண், மற்றவர்களுக்கு வெறும் சத்தம். அவர் சொன்னது 1,000 பாட்டு, சட்டைப்பையில். இந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஆப்பிள் மறைக்கவில்லை: ஒரு பாட்டு 4 நிமிடம், வினாடிக்கு 160 கிலோபிட் தரத்தில் பதிவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 160 கிலோபிட் என்பது 20 கிலோபைட். 4 நிமிடத்துக்கு 240 வினாடி. பெருக்கினால் ஒரு பாட்டுக்கு 4.8 எம்பி. 5,000-ஐ 4.8-ஆல் வகுத்தால் 1,041 வருகிறது. மேடையில் சொன்னது 1,000. மிச்சம் 41 பாட்டைச் சொல்லாமல் விட்டதால் எண் சொன்னவருக்குச் சாதகமாக நகரவில்லை, எதிராகத்தான் நகர்ந்தது. (நம் சினிமாப் பாட்டு ஐந்து நிமிடம் ஓடினால் 830 பாட்டுத்தான் பிடிக்கும். ஆனால் நிபந்தனையை வெளியே சொல்லிவிட்டதால் அதையும் நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றாது.)

கேட்பவர் தானே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு, அவருக்குப் பழகிய அலகு, மறைக்காத நிபந்தனை. நம்பக்கூடிய எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் இவைதான் இருக்கின்றன. இதைக் கையால் செய்து பார்ப்பதற்கு நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: மின்விசிறி.

ஒரு சிறு நிறுவனம் பிஎல்டிசி விசிறி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கல்லூரி விடுதியில் 300 விசிறிகள். விடுதிக் குழுவின் முன் பத்து நிமிடம் பேச வாய்ப்பு கிடைத்திருக்கிறது. பழைய விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறி சுமார் 30 வாட். இந்த இரண்டும் சந்தையில் வழக்கமாகக் காணும் அளவுகள். இனி வரும் விலை, கட்டணம், மணி எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

முதல் வரைவில் தலைப்பு இப்படித்தான் வரும்: 'மின்சாரச் சேமிப்பில் மாபெரும் புரட்சி'. அதை யாராவது 'எண் போடு' என்று திருப்பிக் கொடுத்தால், இரண்டாவது வரைவு: 'மின்கட்டணத்தில் 60 சதவீதம் வரை மிச்சம்!' எண் வந்துவிட்டது. ஆனால் இது முதலாவதைவிட மோசம். 75-இல் 45 வாட் குறைவது 60 சதவீதம்தான், சரி. ஆனால் அது விசிறி இழுக்கும் மின்சாரத்தில் 60 சதவீதம். விடுதியின் பில்லில் விளக்கு இருக்கிறது, தண்ணீர் மோட்டார் இருக்கிறது, மெஸ்ஸில் கிரைண்டர் இருக்கிறது. பில் 60 சதவீதம் குறையாது. குழுவில் கணக்கு பார்ப்பவர் ஒருவர் இருந்தால் போதும். அவர் இதைப் பிடித்த நிமிடத்திலிருந்து மற்ற ஸ்லைடுகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். 'வரை' என்ற சொல்லும் உதவாது. அதிகபட்சம் மட்டும் சொல்லி, சராசரியைச் சொல்லாமல் விடுவதற்கான சொல் அது என்று ஜவுளிக்கடைத் தள்ளுபடிப் பலகை பார்த்தே எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

சதவீதம் வரும் இடத்திலெல்லாம் 'எதில்?' என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. வாடிக்கையாளர் இருவராக இருந்து ஆறு பேரானால் அதுவும் 200 சதவீத வளர்ச்சிதான். தலைப்பில் 'இருவர் ஆறு பேரானார்கள்' என்று எழுதக் கூச்சமாக இருந்தால், 200 சதவீதம் என்று எழுதவும் கூச்சப்பட வேண்டும்.

மூன்றாவது வரைவுக்கு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஒரு விசிறிக்கு மிச்சம் 45 வாட். விடுதி அறையில் ஒரு நாளைக்கு எத்தனை மணி ஓடும்? மாணவர்கள் பகலில் வகுப்பில் இருப்பார்கள்; 10 மணி என்று வைப்போம். ஆண்டுக்கு எத்தனை நாள்? விடுமுறைகளைக் கழித்தால் 280. மூன்றையும் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 126 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 1,008 ரூபாய். விசிறி விலை 3,000 ரூபாய். அதாவது மூன்று ஆண்டில் போட்ட பணம் திரும்புகிறது.

இதிலிருந்து தலைப்பை எழுதும்போது எந்த எண்ணை எடுப்பது என்ற கேள்வி வரும். 300 விசிறிக்கும் சேர்த்து ஆண்டுக்கு மூன்று லட்சத்துச் சொச்சம் மிச்சம். லட்சம் என்றால் எடுப்பாக இருக்கிறது, அதைப் போடத்தான் கை துடிக்கும். என் யோசனை வேறு. மூன்று லட்சத்தை யாரும் மனக்கணக்கில் சரிபார்க்க முடியாது. ஒரு விசிறிக்கு ஆயிரம் ரூபாய் என்றால் முடியும். வீட்டு விசிறியை நினைத்துப் பார்த்தே அது நியாயமா இல்லையா என்று சொல்லிவிடலாம். மொத்தத் தொகையை அடுத்த ஸ்லைடில் சொல்லிக்கொள்ளலாம். ஆக மூன்றாவது வரைவு: 'விசிறிக்கு ஆண்டுக்குச் சுமார் 1,000 ரூபாய் மிச்சம், விலை 3 ஆண்டில் திரும்பும்.' கீழே நான்கு வரியில் கணக்கு: 45 வாட், 10 மணி, 280 நாள், 8 ரூபாய்.

சுமார் 1,000 என்பதற்குப் பதில் 1,008 என்று போட்டால் இன்னும் நம்புவார்களா? போடலாம் என்று தோன்றும். எவரெஸ்ட் சிகரத்தைப் பற்றி இதற்கு ஒரு கதை உண்டு. 1856-இல் இந்திய நில அளவைத் துறை அதன் உயரத்தை 29,002 அடி என்று அறிவித்தது. உண்மையில் கணக்கில் சரியாக 29,000 அடி வந்ததாகவும், அப்படியே சொன்னால் குத்துமதிப்பு என்று உலகம் நினைத்துவிடும் என்பதால் இரண்டு அடியைச் சேர்த்ததாகவும் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, இத்தனை காலம் அந்தக் கதை நிலைத்திருப்பதே உருண்டை எண்ணின் மேல் நமக்கு இருக்கும் சந்தேகத்தைக் காட்டுகிறது. ஆனால் விசிறி விஷயத்தில் 1,008-இன் அந்த எட்டு ரூபாய்க்கு எந்த ஆதாரமும் இல்லை. 10 மணி என்பதே நாம் வைத்துக்கொண்டது. அது 9 மணியானால் எண் 907 ஆகிவிடும். நூறு ரூபாய் ஆடும் கணக்கில் எட்டு ரூபாயைக் காட்டுவது அளந்தது போல நடிப்பது. உள்ளே போட்ட எண்களில் எது மிகவும் தளர்வானதோ, அது எவ்வளவு ஆடுகிறதோ, அந்த அளவுக்குத்தான் வெளியே வரும் எண்ணையும் துல்லியமாகச் சொல்லலாம். ஐபாடின் 1,000 உருண்டை எண்தான். அதை யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் நிபந்தனை பக்கத்திலேயே இருந்தது.

மூன்றாவது வரைவோடு பலர் நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலான கூட்டங்களுக்கு அது போதும். ஆனால் விடுதிக் குழுவில் மின்சாரப் பராமரிப்பைப் பார்க்கும் ஊழியர் ஒருவர் இருந்தால் அவர் கேட்கப்போவது தெரிந்ததே: 'சார், எல்லா ரூமிலயும் ஃபேன் ஃபுல் ஸ்பீடுலயா ஓடுது?' ஓடாது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் மூன்றாம் எண்ணில் வைத்தால் பழைய விசிறியும் 75 வாட்டைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். புதியதும் குறையும். ஆனால் இடைவெளி 45 வாட்டாக இருக்காது, சுருங்கும். ஆக மூன்றாவது வரைவின் கணக்கில் பிழை இல்லை, அது நின்ற தரைதான் சரியில்லை. பெட்டியில் அச்சிட்ட வாட்டை எடுத்துக் கணக்குப் போட்டால் இதுதான் நடக்கும். அச்சிட்ட எண் பரிசோதனைக் கூடத்தின் எண். அறையில் ஓடும்போது அது வேறு.

இதற்கு வழி அளப்பதுதான், அது அவ்வளவு கடினமும் இல்லை. ஒரே வராந்தாவில் பத்து அறைக்குப் பழைய விசிறியை அப்படியே விட்டுவிட்டு, பத்து அறைக்குப் புதியதைப் போட்டு, விசிறி லைன்களுக்கு மட்டும் இரண்டு சப்மீட்டர் வைத்து 30 நாள் விட வேண்டும். மாணவர்களிடம் வேகத்தை மாற்றாதீர்கள் என்றெல்லாம் சொல்லக் கூடாது. அவர்கள் எப்படிப் பயன்படுத்துவார்களோ அதுதான் நமக்கு வேண்டிய எண். மாதத்தையும் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மே மாதம் விடுதியில் ஆள் இருக்காது. டிசம்பரில் பாதிப் பேர் விசிறி போடமாட்டார்கள். ஏப்ரலில் மட்டும் அளந்தால் எண் நமக்குச் சாதகமாகப் பெருகும், அதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் நீட்டினால் மறுபடி பொய்யாகிவிடும். ஆகஸ்ட் போன்ற நடுத்தர மாதம் பரவாயில்லை. எதில் அளந்தாலும் மாதத்தின் பெயரை ஸ்லைடில் போட்டுவிட வேண்டும்.

பழைய விசிறிகள் பத்தும் சேர்ந்து 190 யூனிட், புதியவை 85 யூனிட் என்று மீட்டர் காட்டியதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 105, ஒரு விசிறிக்கு மாதம் பத்தரை யூனிட். காகிதக் கணக்கின்படி பதின்மூன்றரை வந்திருக்க வேண்டும். அரையைக் கீழே தள்ளி 10 என்று எடுத்தால், 280 நாளுக்கு 93 யூனிட், சுமார் 750 ரூபாய். போட்ட பணம் திரும்ப மூன்று ஆண்டு அல்ல, நான்கு.

இப்போது நான்காவது வரைவு: 'உங்கள் விடுதியில் ஆகஸ்டில் அளந்தோம்: விசிறிக்கு மாதம் 10 யூனிட் மிச்சம்; விலை 4 ஆண்டில் திரும்பும்.' முந்தையதைவிடச் சிறிய எண். விற்பனைப் பிரிவில் இருப்பவருக்கு வயிறு எரியும். ஆனால் 3 ஆண்டு என்ற தலைப்போடு போனவர் அந்த ரெகுலேட்டர் கேள்விக்கு மேடையில் நின்று பதில் தேட வேண்டும். 4 ஆண்டு என்பதோடு போனவர் சப்மீட்டர் படத்தைக் காட்டினால் போதும்.

அந்தப் படமும் தலைப்பும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும் என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். தலைப்பில் 10 என்றிருக்கும், அட்டவணையில் 10.5 இருக்கும், கடைசி ஸ்லைடில் பழைய வரைவின் பதின்மூன்றரை மாற்றாமல் நின்றிருக்கும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கலாம். திரையைப் பார்ப்பவருக்கு மூன்று எண், அவ்வளவுதான். 10.5 என்று அட்டவணையில் இருந்தால், 'தலைப்பில் கீழ்நோக்கி முழுமையாக்கியது' என்று பக்கத்தில் மூன்று சொல் எழுதிவிடலாம். எண் திருத்தப்பட்டால் அது வரும் ஸ்லைடுகள் அனைத்தையும் தேடித் திருத்துவது ஒரு தனி வேலை. கூட்டத்துக்கு முந்தைய இரவு படத்தின் நிறத்தை மாற்றுவதற்குப் பதில் இதைச் செய்யலாம்.

ஒரு தலைப்பில் எத்தனை எண் தாங்கும்? ஒன்று தாங்கும், ஒப்பிடும் இரண்டும் தாங்கும். 10 யூனிட், 4 ஆண்டு என்று நான் போட்டதே கிட்டத்தட்ட எல்லை. அதற்குமேல் போனால் அது அட்டவணை ஆகிவிடுகிறது. கொலம்பியா ஸ்லைடில் 1,920, 3 என்ற இரண்டும் இருந்தும் வேலை செய்யாததற்கு எண்கள் அதிகமானது காரணமல்ல. அவை அடியில் இருந்தன, வகுக்கப்படாமல் இருந்தன, மேலே இருந்த தலைப்பு அவற்றுக்கு எதிர்த்திசையில் பேசியது.

தலைப்பில் உண்மையான எண்ணைப் போட்டால் அது அடுத்த எண்ணைக் கேட்கும். விடுதிக் குழு 4 ஆண்டு என்பதைப் பார்த்ததும் அங்கே ஒருவர் நிச்சயம் கேட்பார்: விசிறிக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு? இரண்டு ஆண்டு என்பது நிறுவனத்தின் பதில் என்று வைத்துக்கொள்வோம். பணம் திரும்ப நான்கு, உத்தரவாதம் இரண்டு. பிஎல்டிசி விசிறியில் பழுதாவது பெரும்பாலும் மோட்டார் அல்ல, அதற்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் போகும். மூன்றாம் ஆண்டில் போர்டு போய், மாற்ற 600 ரூபாய் ஆனால் அந்த விசிறியின் கணக்கு ஐந்து ஆண்டுக்கு நெருங்கிவிடும். 'மாபெரும் புரட்சி' என்ற தலைப்பின் கீழ் இந்தக் கேள்வி எழவே எழாது. வாங்கிய பிறகு, முதல் போர்டு போனபோது, சண்டையாக எழும்.

அடுத்த ஸ்லைடின் தலைப்பை நிறுவனம் கேள்வி வருவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம். இதுவரை விற்ற விசிறிகளில் உத்தரவாதக் காலத்துக்குள் எத்தனை போர்டு மாற்றினோம் என்ற கணக்கு அவர்கள் கையில் இருக்கும். நூற்றுக்கு நான்கு என்றால் அந்த நான்கையே தலைப்பில் போட்டு, எத்தனை விசிறியில், எந்த ஆண்டிலிருந்து என்று கீழே எழுதலாம். கணக்கே வைத்திருக்கவில்லை என்றால் 'நிகரற்ற தரம்' என்று நிரப்ப வேண்டியதில்லை. 'போர்டுக்கு மட்டும் 4 ஆண்டு உத்தரவாதம் தருகிறோம்' என்று எழுதி, அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று முந்தைய வாரமே கணக்காளரோடு உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். தாங்க முடியாது என்று வந்தால், விசிறி விலையில் 200 ரூபாய் குறைக்க முடியுமா என்பது அவர்கள் பேச வேண்டிய அடுத்த விஷயம்.